டாலரில் வாங்கிய கடன், ரூபாயில் வரும் கணக்கு: புலம்பெயர்ந்தோர் பத்திரங்கள் பற்றி

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் உடனே பொருளாதாரத் தடை விதித்தன. தர நிர்ணய நிறுவனங்கள் இந்தியாவின் கடன் தரத்தைக் கீழே இறக்கின. ஆசிய நாடுகளின் நாணயங்கள் ஏற்கெனவே ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்த நேரம் அது. வெளிநாட்டுச் சந்தையில் இந்தியா போய்க் கடன் கேட்டால் அதிக வட்டி கேட்பார்கள், இல்லையென்றால் கையை விரிப்பார்கள் என்ற நிலை.

அந்த ஆகஸ்டில் பாரத ஸ்டேட் வங்கி 'ரீசர்ஜென்ட் இந்தியா பாண்ட்' என்ற பெயரில் ஐந்தாண்டுப் பத்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாங்கலாம் என்று அழைத்தது வெளிநாடுவாழ் இந்தியர்களைத்தான். டாலரில் வாங்கினால் ஆண்டுக்கு 7.75 சதவீத வட்டி, பவுண்டில் 8, ஜெர்மன் மார்க்கில் 6.25. சில வாரங்களிலேயே சுமார் 420 கோடி டாலர் சேர்ந்தது. தடை போட்ட நாடுகளில் குடியிருந்தவர்களும் வாங்கியவர்களில் இருந்தார்கள்.

இப்படி ஓர் அரசோ, அரசு சார்பில் ஒரு வங்கியோ, வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் பத்திரம் விற்றுக் கடன் திரட்டுவதைத்தான் புலம்பெயர்ந்தோர் பத்திரம் என்கிறோம். இஸ்ரேல் 1951 முதல் இடைவிடாமல் இதைச் செய்துவருகிறது. இந்தியாவோ நெருக்கடி வந்தபோது மட்டும் இந்தக் கதவைத் தட்டியது: 1991-ல் 160 கோடி டாலர், 1998-ல் 420 கோடி, 2000-ல் 550 கோடி.

ஊர்ப்பாசத்தால் வாங்குகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாசமும் இருக்கலாம். ஆனால் அந்தச் சமயத்தில் அமெரிக்க அரசின் ஐந்தாண்டுப் பத்திரம் ஐந்தரை சதவீதத்துக்கும் குறைவாகவே கொடுத்தது. 7.75 கிடைக்கும், இந்தியாவில் வரியும் இல்லை என்றால் பாசத்துக்குக் கணக்கும் துணையாக வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. சொந்தக்காரர்களும் சொத்தும் பத்திரம் விற்ற நாட்டிலேயே இருப்பவருக்கு, அந்த அரசு கடைசியில் ரூபாயாகத் திருப்பித் தந்தால்கூட முழு நஷ்டமில்லை. ஊரில் வீடு கட்டுவதற்கோ அப்பா அம்மா செலவுக்கோ அந்த ரூபாய் பயன்படும். நியூயார்க்கில் இருக்கும் ஒரு ஓய்வூதிய நிதிக்கு அந்த வசதி கிடையாது.

இனி நாணய மதிப்பு ஏறி இறங்குவதால் வரும் ஆபத்து யார் தலையில் விழுகிறது என்ற விஷயத்துக்கு வருவோம். வட்டி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், பத்திரத்தில் அசல் எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரூபாயில் எழுதியிருந்தால் ஆபத்து வாங்கியவருடையது. டாலரில் எழுதியிருந்தால் விற்ற அரசுடையது.

முதலில் வாங்கியவர் சுமக்கும் நிலை. இது வெளிநாடுவாழ் தமிழர்கள் பலருக்கும் கைப்பட்ட அனுபவம்தான், ஏனென்றால் என்.ஆர்.ஈ. வைப்புக் கணக்கு இந்த வகை. அது பத்திரமில்லை, ஆனால் நாணயக் கணக்கு ஒன்றுதான். வெளிநாட்டுப் பணத்தைப் போட்டால் ரூபாயாக மாறி உட்காரும். வட்டி ரூபாயில் சேரும். எடுக்கும்போது அன்றைய விலையில் மறுபடி டாலராகும். 2013 மே தொடக்கத்தில் ஒரு டாலர் 54 ரூபாயை ஒட்டி இருந்தது. அன்று 10,000 டாலரைக் கொண்டுவந்து 9 சதவீத வட்டிக்கு ஓராண்டு போட்டவருக்கு 5,40,000 ரூபாய் வரவானது. ஓராண்டு கழித்து அது 5,88,600 ரூபாய். ஆனால் 2014 மே மாதக் கடைசியில் டாலர் 59 ரூபாய். திருப்பி மாற்றினால் 9,976 டாலர் வரும். ஒன்பது சதவீத வட்டியும் போய், அசலிலும் கொஞ்சம் குறைந்துவிட்டது. இடையில், 2013 ஆகஸ்ட் கடைசியில், டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. அந்த வாரத்தில் அவசரமாகப் பணம் தேவைப்பட்டு உடைத்திருந்தால் அடி இன்னும் பலமாக விழுந்திருக்கும்.

அதே ஆளுக்கு ரூபாயிலேயே செலவு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. மதுரையில் வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு 5,88,600 ரூபாய் என்பது 5,88,600 ரூபாய்தான். ஆகவே ஆபத்து இருக்கிறதா என்பது பணம் எங்கே, எந்த நாணயத்தில் செலவாகப்போகிறது என்பதைப் பொறுத்தது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்பவும் வருவோம்.

டாலர் பத்திரத்தில் இது தலைகீழ். 1998-ல் வந்த 420 கோடி டாலரை வைத்துக்கொண்டு ஸ்டேட் வங்கி என்ன செய்யும்? நம் ஊரில் ஒரு சாலைத் திட்டத்துக்கோ மின்நிலையத்துக்கோ டாலரைக் கடனாகக் கொடுக்க முடியாது. எனவே அதில் பெரும்பகுதி ரிசர்வ் வங்கியிடம் போகிறது. பதிலுக்கு ரூபாய் வருகிறது. ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு உயர்கிறது, ரூபாய் நாட்டுக்குள் கடனாகப் போகிறது. ஐந்தாண்டு கழித்து ரூபாயைக் கொடுத்து மறுபடி டாலர் வாங்கி, வட்டியோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். அன்றைக்கு டாலர் என்ன விலை என்பது 1998-ல் யாருக்கும் தெரியாது. அரசின் ஆபத்து முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக 10,000 டாலருக்கு ஒரே ஒரு பத்திரம், வட்டி ஆண்டுக்கொரு முறை அசலோடு சேர்வதாக வைத்துக்கொள்வோம். 1998 ஆகஸ்டில் டாலர் சுமார் 42.50 ரூபாய். வங்கி கைக்கு வந்தது 4,25,000 ரூபாய். 7.75 சதவீதத்தில் ஐந்தாண்டில் கடன் 14,524 டாலராகிறது. 2003 அக்டோபரில் பத்திரம் முதிர்ந்தபோது டாலர் சுமார் 45.30 ரூபாய். திருப்பித் தர வேண்டியது ஏறக்குறைய 6,58,000 ரூபாய். அதை ரூபாய்க் கடனாகக் கருதி வட்டி கண்டால் ஆண்டுக்கு 9.1 சதவீதம். காகிதத்தில் 7.75, கையிலிருந்து போனது 9.1. நடுவே உள்ள வித்தியாசம் ரூபாய் இறங்கியதற்கான விலை.

இது லாபமா நஷ்டமா? அதே 1998-ல் அரசு உள்நாட்டில் ரூபாயில் கடன் வாங்கியிருந்தால் 11 முதல் 12 சதவீதம் வரை வட்டி கொடுத்திருக்கும். நடுவில் 11.5 என்று வைத்தால், டாலர் பத்திரம் மலிவாகவே முடிந்தது. எந்த விலையில் இரண்டும் சமமாகும் என்றும் கண்டுபிடிக்கலாம். 4,25,000 ரூபாய் 11.5 சதவீதத்தில் ஐந்தாண்டில் சுமார் 7,32,400 ரூபாயாகும். அதை 14,524-ஆல் வகுத்தால் 50 ரூபாய் 40 காசு. முதிர்வு நாளில் டாலர் அதற்குக் கீழே இருந்தால் டாலர் கடன் மலிவு, மேலே போனால் ரூபாய்க் கடனே மேல்.

2003-ஐ மட்டும் பார்ப்பவர்கள் இது சுலபமான வெற்றி என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2002 நடுவில் டாலர் 49 ரூபாய் வரை போனது. சமமாகும் விலைக்கு ஒன்றரை ரூபாய்தான் மிச்சம். அதற்குப் பிறகு டாலர் உலகமெங்கும் வலுவிழந்தது, ரூபாய் கொஞ்சம் எழுந்தது, முதிர்வு நாள் அந்த நல்ல காலத்தில் விழுந்தது. டாலர் 60 ரூபாய்க்குப் போயிருந்தால் அதே 7.75 சதவீதப் பத்திரம் அரசுக்கு ஆண்டுக்கு 15 சதவீதத்துக்கு மேல் செலவு வைத்திருக்கும். பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது.

விற்றவர் பக்கம் என்று மொத்தமாகச் சொன்னாலும் அதற்குள்ளும் பங்கு பிரிப்பு உண்டு. 1998 பத்திரத்தின் செலாவணி நஷ்டத்தில் ஓர் அளவுக்கு மேல் போவதை மத்திய அரசு ஏற்கும் என்று ஸ்டேட் வங்கியோடு ஏற்பாடு இருந்தது. அதாவது பத்திரத்தில் பெயர் வங்கியுடையது, பெரிய சரிவு வந்தால் சுமை வரி கட்டுகிறவருடையது. பத்திரமே வாங்காத, வெளிநாட்டையே பார்க்காத ஒருவரும் இதில் ஒரு தரப்பு.

2013-ல் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. ரூபாய் சரிந்துகொண்டிருந்த அந்தச் செப்டம்பரில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்றார். இந்த முறை பத்திரம் விற்கவில்லை. வங்கிகள் வெளிநாடுவாழ் இந்தியர்களிடம் எஃப்.சி.என்.ஆர். என்ற டாலர் வைப்பை மூன்றாண்டுக்கு வாங்கி, அந்த டாலரை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்து ரூபாய் எடுத்துக்கொள்ளலாம். முதிர்வில் டாலரைத் திரும்ப வாங்கும் விலை, ஆண்டுக்கு 3.5 சதவீதம் கூட்டி, அன்றே நிர்ணயம். சந்தையில் இப்படி விலையைப் பூட்டிவைக்க அதைவிட அதிகம் கேட்டார்கள். டெபாசிட் போட்டவருக்கும் ரூபாய் ஆபத்து இல்லை, வங்கிக்கும் இல்லை. 3.5 சதவீதத்துக்கு மேல் ரூபாய் சரிந்தால் அது முழுக்க ரிசர்வ் வங்கியின் கணக்கு. சுமார் 2,600 கோடி டாலர் வந்து குவிந்தது. வெளிநாட்டு வங்கிகளில் கடன் வாங்கி, தன் பணத்தைப்போலப் பல மடங்கு டெபாசிட் போட்டவர்களும் இருந்தார்கள். ஆபத்து இல்லாத வட்டி வித்தியாசம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

சுமார் 62.50 ரூபாயில் உள்ளே வந்த டாலருக்கு மூன்றாண்டு கழித்து ஒப்பந்த விலை 69 ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். 2016 இறுதியில் முதிர்ந்தபோது சந்தை விலை 67 ரூபாயை ஒட்டி இருந்தது. இந்த முறையும் தலை தப்பியது.

ஆனால் விலையைத் தவிர இன்னொரு சங்கடமும் இந்த வகைக் கடனில் உண்டு. எல்லாம் ஒரே தேதியில் முதிரும். 2003 அக்டோபர் முதல் நாளில் இந்தியா வட்டியும் அசலுமாகச் சுமார் 550 கோடி டாலர் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. வட்டியை அவ்வப்போது பெற்றுக்கொண்டவர்களும் இருந்ததால்தான் தொகை இந்த அளவில் நின்றது. ஒரே நாளில் அவ்வளவு டாலரைச் சந்தையில் வாங்கப் போனால் டாலர் விலை தானாகவே ஏறும். தன் கடனை அடைக்கப் போய்த் தன் கடனையே பெரிதாக்கிக்கொண்ட கதையாகும். அப்போது ரிசர்வ் வங்கியிடம் 9,000 கோடி டாலர் அளவுக்குக் கையிருப்பு இருந்தது. அங்கிருந்தே எடுத்துக்கொடுத்ததால் சந்தையில் சலனம் இல்லை. 1998-ன் கையிருப்பு இதில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த ஐந்தாண்டில் மென்பொருள் ஏற்றுமதியும் வெளிநாட்டு முதலீடும் வளர்ந்தது எவ்வளவு பெரிய துணை என்று புரியும்.

நைஜீரியா 2017 ஜூனில் 30 கோடி டாலருக்கு இதே மாதிரி ஐந்தாண்டுப் பத்திரம் விற்றது, வட்டி 5.625 சதவீதம். அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தே விற்றார்கள். இந்தியா 1998-ல் அந்தப் பதிவு வழிக்கே போகவில்லை. 2022 ஜூனில் நைஜீரியா அசலை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதற்குள் அதிகாரப்பூர்வ விலையில் டாலர் சுமார் 305 நைராவிலிருந்து 415-ஐத் தாண்டியிருந்தது. அடுத்த ஓராண்டில், 2023 ஜூனில், அரசு நைராவின் பிடியைத் தளர்த்தியதும் சில நாட்களிலேயே டாலர் 700 நைராவைக் கடந்தது. பத்திரம் ஆறாண்டுப் பத்திரமாக இருந்திருந்தால் அசலுக்கான நைராக் கணக்கே வேறு. எண்ணெய் விற்று டாலரில் வருமானம் பார்க்கும் நாடு என்பதால் நைஜீரியாவுக்கு ஒரு தாங்குதல் உண்டு: கடனும் டாலரில், வரவும் டாலரில். வரி முழுக்கச் சொந்த நாணயத்தில் வசூலிக்கும் அரசுக்கு அது இல்லை.

அந்தத் தாங்குதல் இல்லாமலும், கையிருப்பு இல்லாமலும் போனால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். இலங்கை அபிவிருத்திப் பத்திரம் என்ற பெயரில் அந்த அரசு டாலரில் கடன் திரட்டிவந்தது. பெரும்பாலும் வங்கிகள் வாங்கின. வெளிநாட்டில் வாழும் இலங்கையரும் வாங்க வழி இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 இலங்கை ரூபாயை ஒட்டி இருந்தது, மே மாதம் 360 வரை போனது. அந்த ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. 2023-ல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது இந்த டாலர் பத்திரங்களும் அதற்குள் வந்தன. இலங்கை ரூபாய்ப் பத்திரமாக மாற்றிக்கொள்வது ஒரு வழி. டாலரிலேயே இருக்க வேண்டுமென்றால் அசலில் வெட்டு, அல்லது வட்டி மிகக் குறைந்து தவணை நீள்வது.

டாலரில் எழுதியிருக்கிறது, எனக்கு ரூபாய் ஆபத்து இல்லை என்று வாங்கியவர் நினைத்தது ஓர் எல்லை வரைதான் உண்மை. சின்னச் சரிவுகளை அரசு சுமக்கும். அரசால் தாங்க முடியாத அளவு நாணயம் விழுந்தால், அதே ஆபத்து பணம் வராமல் போகும் ஆபத்தாக உருமாறி வாங்கியவரிடமே திரும்பும். இரண்டையும் தனித்தனி ஆபத்தாக எண்ணுவதுதான் இதில் புதிதாக இறங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு என்பேன். அப்படி ஒரு நாள் வருமா என்பதை முன்கூட்டிப் பார்க்க வட்டி விகிதம் அவ்வளவாக உதவாது. அந்த நாட்டின் கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும், அடுத்த ஓராண்டில் எவ்வளவு டாலர் கடன் முதிர்கிறது என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். மத்திய வங்கிகளே மாதாமாதம் இந்தக் கையிருப்பு எண்ணை வெளியிடுகின்றன. வங்கியில் கிடைக்கும் டாலர் விலைக்கும் வெளியே கிடைக்கும் விலைக்கும் இடைவெளி அகலமாகிக்கொண்டே போனால் அதுவும் ஓர் அறிகுறி.

கடைசியாக, வாங்குகிறவரின் சொந்த ஊர் நாணயம் அல்லாமல், அவர் வாழும் ஊரின் நாணயம். துபாயில் இருப்பவருக்குக் கவலையில்லை. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இருப்பவருக்கு டாலர் பத்திரமும் வெளிநாட்டு நாணயம்தான். 1998-ல் ஜெர்மனியில் ஒருவர் 100 மார்க்கை வைத்துக்கொண்டு, 6.25 சதவீத மார்க் பத்திரமா, 7.75 சதவீத டாலர் பத்திரமா என்று யோசித்ததாக வைத்துக்கொள்வோம். மார்க் பத்திரம் ஐந்தாண்டில் 135.4 மார்க்காகும். டாலர் பத்திரம் என்றால், அன்றைக்கு ஒரு டாலர் சுமார் 1.79 மார்க், எனவே 55.87 டாலர் கிடைக்கும். அது ஐந்தாண்டில் 81.14 டாலராகும். 2003 அக்டோபரில் மார்க் போய் யூரோ வந்துவிட்டது, ஒரு யூரோ சுமார் 1.17 டாலர். அப்படியென்றால் 69.35 யூரோ, பழைய மார்க் கணக்கில் 135.6.

ஐந்தாண்டு காத்திருந்து, ஒன்றரை சதவீத வட்டி அதிகம் என்று போனதற்கு 20 காசு வித்தியாசம். அதுகூட முதிர்வு நாள் எங்கே விழுந்தது என்பதால் கிடைத்த சமநிலை. 2000 அக்டோபரில் ஒரு யூரோ 83 அமெரிக்க சென்டுக்கு விழுந்திருந்தது. அன்று கணக்குப் பார்த்திருந்தால் டாலர் பத்திரக்காரர் வெகுதூரம் முன்னால் இருந்திருப்பார். ஒரே பத்திரத்தை மூன்று நாணயங்களில் விற்கும்போது வட்டி மட்டும் மூன்று விதமாக இருப்பது, சந்தை அந்த மூன்று நாணயங்களையும் எப்படி எடை போடுகிறது என்பதன் விலைதான். அதிக வட்டி உள்ளதைத் தேர்ந்தெடுத்தவருக்கு யாரும் சலுகை கொடுக்கவில்லை.